6 லட்சம் வாங்கினால் 8 லட்சத்து 10 ஆயிரம்: கல்விக் கடன் வட்டி வளரும் விதம்

"படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம். அதுக்கப்புறமும் ஒரு வருஷம் டைம் இருக்கு." கல்விக் கடன் வாங்கப் போகும் பெற்றோர் வங்கியில் முதலில் கேட்கும் வார்த்தை பெரும்பாலும் இதுதான். சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் வங்கி நிறுத்திவைப்பது வசூலை மட்டுமே, வட்டியை அல்ல. கல்லூரிக்குப் பணம் போன நாளிலிருந்தே கடன் கணக்கில் வட்டி ஏறத் தொடங்குகிறது. எவ்வளவு ஏறும் என்பதைக் கடன் வாங்கும் முன்பே வீட்டில் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்குத் தேவை எட்டாம் வகுப்புத் தனிவட்டிக் கணக்குதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி 2025 ஆகஸ்டில் நான்கு ஆண்டு பொறியியல் படிப்பில் சேர்கிறாள். ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வீதம் மொத்தம் 6 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம். படிப்பு 2029 ஜூலையில் முடிகிறது. அதற்குமேல் ஓராண்டு அவகாசம். ஆகவே 2030 ஆகஸ்டில்தான் மாதத் தவணை, அதாவது இ.எம்.ஐ., தொடங்கும். படிப்புக் காலமும் இந்த ஓராண்டும் சேர்ந்ததைத்தான் வங்கியில் மொரட்டோரியம் என்கிறார்கள். இந்திய வங்கிகள் சங்கம் வகுத்துள்ள மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் உள்ள அவகாசம் இது. பொதுத்துறை வங்கிகள் பொதுவாக இதையே பின்பற்றுகின்றன.

இதில் வட்டி எவ்வளவு என்று கேட்டால் பலரும் 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 60,000, ஐந்தாண்டுக்கு 3 லட்சம் என்று கணக்குப் போட்டுப் பயந்துபோகிறார்கள். அது தவறு. 6 லட்சமும் முதல் நாளிலேயே கையைவிட்டுப் போவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிக் கட்டண ரசீதைக் காட்டிய பிறகுதான் வங்கி அந்த ஆண்டுப் பணத்தை விடுவிக்கிறது. விடுவித்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. ஆகவே நான்கு தொகைகளையும் நான்கு தனிக் கடன்களாகப் பாவித்துக் கணக்கிட வேண்டும்.

முதலாண்டில் போன 1,50,000 ரூபாய், தவணை தொடங்கும் வரை ஐந்து ஆண்டுகள் வட்டி சுமக்கிறது. அதற்கு 75,000. இரண்டாம் ஆண்டுப் பணம் நான்கு ஆண்டுகள் சுமக்கிறது, 60,000. மூன்றாம் ஆண்டுப் பணத்துக்கு மூன்று ஆண்டுகள், 45,000. கடைசி ஆண்டுப் பணத்துக்கு இரண்டு ஆண்டுகள், 30,000. கூட்டினால் 2,10,000 ரூபாய். 2030 ஆகஸ்ட் முதல் தேதியன்று அந்த மாணவியின் பெயரில் நிற்கும் கடன் 8,10,000.

வட்டி விகிதம் மாறினால் முழுவதையும் மறுபடி போட வேண்டியதில்லை. ஒன்றரை லட்சம் ஐந்தாண்டு, ஒன்றரை லட்சம் நான்காண்டு என்று நான்கையும் பெருக்கிக் கூட்டினால் 21 வருகிறது. அதாவது, 21 லட்சம் ரூபாயை ஓராண்டுக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். அந்த 21 லட்சத்துக்கு 10 சதவீதம் 2,10,000. வட்டி எட்டரை சதவீதமானால் 1,78,500. பதினொன்றானால் 2,31,000. ஒவ்வொரு சதவீதப் புள்ளிக்கும் 21,000 ரூபாய் கூடும் அல்லது குறையும். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது இந்த ஒரே எண் போதும். உங்கள் வீட்டுக் கடனுக்கும் இதேபோல் ஓர் எண்ணைக் கண்டுபிடித்துத் தாளின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் கடிதத்தில் இன்று எழுதியிருக்கும் விகிதம் ஐந்தாண்டும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கல்விக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிக் கடன்கள். பல வங்கிகளில் அது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 2022 தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்கு ஏறியது. அந்தச் சமயத்தில் கல்லூரியில் இருந்த பல மாணவர்களின் கடனில், தவணை எதுவும் கட்டாததால் வீட்டில் யாரும் கவனிக்காமலேயே, வட்டி இரண்டரை சதவீதப் புள்ளி வரை கூடியது. மொரட்டோரியத்தில் வட்டி ஏறினால் மாதாமாதம் கை கடிக்காது. அதனாலேயே அது கண்ணுக்குப் படுவதில்லை.

அதே 2,10,000 ரூபாயை மாதக் கணக்காகப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். முதலாண்டில் மாத வட்டி 1,250 ரூபாய்தான். இரண்டாம் ஆண்டில் 2,500. மூன்றாம் ஆண்டில் 3,750. நான்காம் ஆண்டில் 5,000. படிப்பு முடிந்து காத்திருக்கும் ஆண்டிலும் அதே 5,000. ஆக மொத்த வட்டியில் பாதிக்கு மேல், 1,20,000 ரூபாய், கடைசி இரண்டு ஆண்டுகளில் சேருகிறது. காத்திருக்கும் ஓராண்டு மட்டும் 60,000 ரூபாய். அந்த ஆண்டில் கல்லூரிக்கு ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. அரியர் வைத்து, படிப்பை முடிக்க வங்கியிடம் கூடுதல் அவகாசம் வாங்கினால் அதுவும் இதே விலைதான்: ஆண்டுக்கு இன்னொரு 60,000.

பணத்தை எப்போது விடுவிக்கச் சொல்கிறோம் என்பதிலும் மிச்சம் இருக்கிறது. கல்லூரி செமஸ்டர் கட்டணமாக வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால், ஆண்டுத் தொகையை ஒரே முறையில் அனுப்பாமல் 75,000 வீதம் இரண்டாக அனுப்பச் சொல்லலாம். அப்போது 21 லட்சம் என்ற நம் எண் 19 லட்சத்து 50 ஆயிரமாகக் குறையும். வட்டியில் 15,000 ரூபாய் மிச்சம். ஒரு விண்ணப்பக் கடிதமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளைக்குப் போய்வரும் நேரமும்தான் அதற்கான செலவு. இதற்கு நேர்மாறானது, கடனோடு சேர்த்துக் கட்டப்படும் ஆயுள் காப்பீட்டு பிரீமியம். முதல் நாளிலேயே 12,000 ரூபாய் பிரீமியத்தைக் கடனில் சேர்த்தால், ஐந்தாண்டில் அதற்கு மட்டும் 6,000 வட்டி. பிரீமியத்தைக் கையிலிருந்து கட்டிவிட முடிந்தால் கட்டிவிடுவதே நல்லது.

இனி, இந்தக் கணக்கில் மிக முக்கியமான நாளுக்கு வருவோம். மாதிரித் திட்டத்தின்படி மொரட்டோரியம் முழுவதும் தனிவட்டிதான். அதாவது வட்டிக்கு வட்டி கிடையாது. 2,10,000 ரூபாய் வட்டி அசலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருக்கும். தான் குட்டி போடாது. ஆனால் தவணை தொடங்கும் நாளில் அந்த வட்டியை அசலோடு சேர்த்து, அந்த மொத்தத் தொகைக்கு இ.எம்.ஐ. நிர்ணயிக்கிறார்கள். அன்று முதல் பழைய வட்டிக்கும் வட்டி.

8,10,000 ரூபாயைப் பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 10,704 ரூபாய். வட்டி எதுவும் சேராமல் 6 லட்சம் மட்டும் இருந்திருந்தால் 7,929. மாதத்துக்கு 2,775 வித்தியாசம். 120 மாதங்களுக்கு 3,33,000 ரூபாய். படிக்கும் காலத்தில் சேர்ந்தது 2,10,000தான். ஆனால் அதைக் கட்டி முடிக்கும்போது 3,33,000 ஆகிவிடுகிறது. கடன் வாங்கும்போது வீட்டில் யாரும் கேட்காத எண் இது. வங்கியும் தானாக முன்வந்து சொல்வது அரிது. கிளையில் உட்கார்ந்திருக்கும்போதே, "தவணை தொடங்குற அன்னிக்கு என் கணக்குல எவ்வளவு நிக்கும் சார்?" என்று கேட்டு வாங்கிவிடுவது பெற்றோரின் உரிமை என்றே நினைக்கிறேன்.

தனிவட்டி என்று சொன்னது எல்லாக் கடனுக்கும் பொருந்தாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் திட்டம் ஒரு மாதிரிதான். வங்கி அல்லாத நிதி நிறுவனங்களில் சில, வட்டியை மாதாமாதம் அசலோடு சேர்த்துக்கொண்டே போகின்றன. அப்படிச் சேர்த்தால் நம் மாணவியின் கடன் 8,10,000-க்குப் பதிலாக 8,55,500 ரூபாயை ஒட்டி நிற்கும். 45,000 ரூபாய்க்கு மேல் கூடுதல். மாதத் தவணையிலும் 600 ரூபாய் ஏறும். அதே 10 சதவீதம், அதே 6 லட்சம். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே விகிதம்தான் தெரியும்.

நம் கடன் எந்த வகை என்று கண்டுபிடிக்க, கடன் வாங்கிய மூன்றாவது மாதமே ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள். வட்டியை நாள் கணக்கில்தான் போடுவார்கள் என்பதால் 31 நாள் உள்ள இரண்டு மாதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி 1,50,000 போயிருந்தால், ஆகஸ்ட் வட்டி 1,274 ரூபாய். செப்டம்பரில் 30 நாள் என்பதால் அது 1,233. அக்டோபரில் மறுபடி 1,274 என்றே இருந்தால் தனிவட்டி. அக்டோபரில் 1,295 என்று வந்திருந்தால், ஆகஸ்ட், செப்டம்பர் வட்டிகளுக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியே போனால் அடுத்த ஆண்டு ஜூலையில் அது 1,395 ரூபாயை ஒட்டி வந்து நிற்கும். இடையில் புதிய தொகை போகாமலும் விகிதம் மாறாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் இந்தச் சோதனை சரியாக வரும். ஸ்டேட்மென்ட்டில் வட்டி மாதாமாதம் பற்று வைக்கப்படுவதைப் பார்த்து மட்டும் கூட்டுவட்டி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பற்று வைப்பது வேறு, அதன்மேல் அடுத்த மாத வட்டியைக் கணக்கிடுவது வேறு. அக்டோபர் எண்தான் சாட்சி.

தனிவட்டி என்று உறுதியானால் அடுத்த கேள்விக்கான விடை பலருக்கு வியப்பாக இருக்கும். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிட வேண்டுமா? கட்டினால் நல்லது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தனிவட்டிக் கடனில், முதலாண்டு வட்டியை முதலாண்டிலேயே கட்டினாலும், 2030 ஜூலை 31-ல் மொத்தமாகக் கட்டினாலும் கட்டவேண்டிய தொகை ஒன்றுதான்: 2,10,000. வட்டி குட்டி போடாத காலத்தில் அதை அவசரப்பட்டுத் தீர்ப்பதால் அசலும் குறையாது, அடுத்த மாத வட்டியும் குறையாது. மாதம் 1,250, 2,500 என்று அதே தொகைகளை ஆர்.டி.யில் போட்டு வந்து, தவணை தொடங்கும் முன்பு எடுத்து மொத்தமாகக் கட்டினால், 6 சதவீத வட்டியில் இடையில் சுமார் 26,000 ரூபாய் வீட்டுக்கே கிடைக்கும்.

மாதாமாதம் கட்டுவதற்கும் ஒரு நியாயம் உண்டு. மொரட்டோரியம் முழுவதும் வட்டியை ஒழுங்காகக் கட்டி வந்தால் வங்கி ஒரு சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மாதிரித் திட்டம் சொல்கிறது. நம் கணக்கில் ஒரு சதவீதம் என்றால் 21,000. ஆர்.டி. தருவதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆகவே எது லாபம் என்பதைவிட, சலுகை நம் வங்கியில் உண்டா, ஒரு மாதம் விட்டுப்போனால் அது ரத்தாகுமா என்பதைக் கடிதத்தில் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆர்.டி.யைக் கல்யாணச் செலவுக்கு உடைத்துவிடுவோம் என்று தோன்றும் வீடுகளில் நேரடியாகக் கடனுக்கே கட்டிவிடுவது பாதுகாப்பு. கூட்டுவட்டிக் கடனாக இருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை. முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டும். முடிந்தவரை முழு வட்டியையும்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும்போது வட்டியைக் கட்டுவதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு எடுக்கும் கடனைக் குறைத்துவிடுவது. மாணவிக்கு முதலாண்டில் 20,000 ரூபாய் உதவித்தொகை வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தில் போட்டு, வங்கியிடம் 1,30,000 மட்டும் வாங்கினால், அந்த 20,000 ரூபாய்க்கான நான்காண்டு வட்டியான 8,000 ரூபாய் பிறக்கவே பிறக்காது. அனுமதித்த தொகை முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அனுமதி என்பது உச்சவரம்பு மட்டுமே.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இந்த 2,10,000 ரூபாயின் பெரும்பகுதியோ முழுவதுமோ அரசால் தீரக்கூடும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சம் வரை உள்ள, தொழில்நுட்பம் அல்லது தொழிற்கல்வி படிக்கும் மாணவர்களுக்கு மொரட்டோரியக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. இதற்கான ஒருங்கிணைப்பு வங்கி கனரா வங்கி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் சேருவோருக்குக் குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு மொரட்டோரியக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. நம் எண்ணைக் கொண்டு இதன் மதிப்பை உடனே சொல்லிவிடலாம்: 21 லட்சத்துக்கு 3 சதவீதம், 63,000 ரூபாய். மீதி 1,47,000 மாணவியின் பங்கு. ஆண்டுதோறும் இத்தனை பேருக்கு என்ற வரம்பு இந்த 3 சதவீத மானியத்துக்கு இருக்கிறது என்பதால், வந்தே தீரும் என்று நம்பித் திட்டமிடுவது சரியல்ல.

மானியம் தானாக வந்து சேராது. வருமானச் சான்றிதழ் கொடுத்து, வங்கி அதைப் பதிந்து, மானியம் கேட்டு அனுப்ப வேண்டும். பணம் வந்து சேரத் தாமதமாகும். அதுவரை ஸ்டேட்மென்ட்டில் முழு வட்டியும் பாக்கியாகவே தெரியும். இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்று. மானியம் வரவு வைக்கப்படும் முன்பே தவணைக் காலம் தொடங்கி, முழு வட்டியையும் அசலோடு சேர்த்து இ.எம்.ஐ. போட்டுவிடுவது. படிப்பின் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை ஸ்டேட்மென்ட் எடுத்து, அந்த ஆண்டுக்கான மானியம் வரவாகியிருக்கிறதா என்று பார்த்தால், விட்டுப்போனதைக் கடைசி ஆண்டுக்குள் கேட்டு வாங்கக் காலம் இருக்கும்.

படிப்பு முடிந்து, வளாகத் தேர்வில் வேலை கிடைத்து, 2029 ஆகஸ்டிலேயே சம்பளம் வரத் தொடங்கிவிட்டது என்றால் அந்தக் காத்திருப்பு ஆண்டு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இ.எம்.ஐ. இன்னும் தொடங்கவில்லை. ஆனால் மாதம் 5,000 ரூபாய் வட்டி பிறந்துகொண்டிருக்கிறது. அந்த 5,000-ஐ மட்டும் அவள் மாதாமாதம் கட்டிவிட்டால், தவணை தொடங்கும் நாளில் கடன் 8,10,000 அல்ல, 7,50,000. இ.எம்.ஐ. 10,704-லிருந்து 9,911 ஆகக் குறையும். 60,000 கட்டியதற்குப் பத்தாண்டில் 95,000 ரூபாய் கட்டாமல் தப்பிக்கிறாள். அதற்கு மேலும் பணம் இருந்தால் பழைய வட்டிப் பாக்கியையும் 2030 ஜூலைக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தீர்க்கலாம். ஆகஸ்டில் அது அசலாக மாறிவிடும்.

கட்டும்போது கவுன்டரில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், இது மொரட்டோரியக் கால வட்டிக்கான தொகை என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கிளையின் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். தவணை தொடங்கும் மாதத்தில் வங்கி தரும் தவணை அட்டவணையின் முதல் வரியில் தொடக்க நிலுவை என்று ஒரு தொகை இருக்கும். வீட்டுத் தாளில் போட்ட தொகையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விகித மாற்றத்தால் சில ஆயிரம் முன்பின் இருக்கலாம். பல பத்தாயிரம் வித்தியாசம் இருந்தால், வட்டியை மாதாமாதம் அசலில் சேர்த்திருக்கிறார்கள், அல்லது மானியம் வரவாகவில்லை, அல்லது கட்டிய வட்டி கணக்கில் ஏறவில்லை. முதல் இ.எம்.ஐ. கட்டுவதற்கு முன்பே ஐந்தாண்டு ஸ்டேட்மென்ட்டோடு மேலாளரைப் பார்த்து எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றாலோ 30 நாட்களில் வரவில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது அந்த முத்திரையிட்ட கடிதமும் ஸ்டேட்மென்ட்டும்தான்.